கண்ணில் சுண்ணாம்பு தெறித்தால்: முதல் அரை மணி நேரத்தில் செய்ய வேண்டியது

கேள்வி: பொங்கலுக்கு அப்பா வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கப்போகிறார். கண்ணில் தெறித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, சுண்ணாம்பு கொதித்துக் கண்ணே போய்விடும், தேங்காய் எண்ணெய்தான் விட வேண்டும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா? எங்கள் பட்டறையில் கிரைண்டிங் தூசி கண்ணில் விழுந்தாலும் இதே முறைதானா?

பதில்:

தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். உடனே, நிறைய, விடாமல் அரை மணி நேரம். எண்ணெய் வேண்டாம். கிரைண்டிங் தூசிக்கு முறை வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

தண்ணீர் பட்டால் கொதிக்கும் என்பதில் பாதி உண்மை இருப்பதால்தான் அந்தப் பேச்சு இவ்வளவு காலம் நிலைத்திருக்கிறது. சூளையிலிருந்து வரும் சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றினால் புகைந்து கொதிப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் உங்கள் அப்பா வாளியில் கரைத்து வைத்திருப்பது ஏற்கெனவே நீற்றிய சுண்ணாம்பு. கொதிக்க வேண்டியது முன்பே கொதித்து முடிந்துவிட்டது. அதன்மேல் இன்னும் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் சூடாகாது. வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பும், கடையில் பாக்கெட்டில் விற்கும் சுண்ணாம்பும் அப்படித்தான்.

சரி, நீற்றாத தூளே கண்ணில் விழுந்துவிட்டால்? அப்போதும் தண்ணீர்தான். கண்ணில் எப்போதும் கண்ணீர் இருக்கிறது. சுண்ணாம்பைச் சூடாக்க அந்த ஈரமே போதும். ஆனால் சூட்டையும் காரத்தையும் வெளியே அடித்துச் செல்ல அது போதாது. ஆகவே ஆபத்து கொஞ்சம் தண்ணீரில்தான், நிறைய தண்ணீரில் இல்லை. தலையைக் குனியச் செய்து, நெற்றியிலும் புருவத்திலும் கன்னத்திலும் ஒட்டிய உலர்ந்த தூளைத் துணியால் சட்டென்று தட்டிவிடுங்கள். அதற்கு நாலைந்து நொடிக்கு மேல் செலவழிக்க வேண்டாம். பிறகு தாராளமாக ஊற்றத் தொடங்குங்கள். கையில் கொஞ்சம் அள்ளித் தெளித்துவிட்டு நிறுத்துவதுதான் கூடாது.

சுண்ணாம்பு ஏன் இவ்வளவு கெடுதல் செய்கிறது என்று தெரிந்தால், ஏன் அரை மணி நேரம் என்பதும் புரியும். பேட்டரி அமிலம் போன்றவை கண்ணில் பட்டால் மேல்பரப்பிலுள்ள புரதத்தை உறையவைக்கின்றன. அந்த உறைந்த படலமே ஓரளவு தடுப்பாக நின்று, அமிலம் ஆழமாக இறங்குவதைத் தாமதப்படுத்துகிறது. காரம் அப்படியில்லை. அது செல்களின் மேலுறையில் இருக்கும் கொழுப்பைக் கரைத்து, தனக்குத் தானே வழி திறந்துகொண்டு உள்ளே போகும். நீற்றிய சுண்ணாம்பின் பி.ஹெச் அளவு ஏறத்தாழ 12.4. கண்ணீரின் அளவு ஏழுக்குச் சற்று மேல். இந்த அளவுகோலில் ஒரு படி ஏறினாலே காரம் பத்து மடங்கு கூடுகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த இரண்டு எண்களையும் பாருங்கள். ஈரச் சிமென்ட் கலவையும் இதே வகைதான். கொத்தனார் வேலையில் இருப்பவர்கள் இங்கே சுண்ணாம்பு என்று சொல்வதையெல்லாம் சிமென்ட் என்றும் வாசித்துக்கொள்ளலாம்.

சுண்ணாம்புக்கு இன்னொரு குணம் உண்டு. அதுதான் இதை மற்ற காரங்களிலிருந்து பிரித்துக் காட்டுவது. சோப்பு ஆலைகளில் பயன்படும் காஸ்டிக் சோடா நன்றாகக் கரையும், வேகமாக ஊடுருவும், ஆனால் கழுவினால் முழுவதும் போய்விடும். சுண்ணாம்பு தண்ணீரில் மிகக் குறைவாகவே கரைகிறது. அது குழைந்த களிம்பாகவும் சிறு கட்டியாகவும் மேல் இமையின் உட்பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். முன்னால் தெரிவதையெல்லாம் கழுவிய பிறகும், அங்கே பதுங்கிய கட்டி மணிக்கணக்கில் காரத்தைக் கசியவிட்டபடி இருக்கும். ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் அதைக் கருவிழியின் மேல் பூசும். இந்தக் கண்களைக் கெடுப்பது பெரும்பாலும் தெறித்த முதல் துளி அல்ல, உள்ளேயே தங்கிப்போன அந்த மிச்சம். எண்ணெய் வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். எண்ணெய் காரத்தைக் கழுவாது. கட்டியின் மேல் படலம் போட்டு அங்கேயே நிறுத்திவைக்கும். எண்ணெய் தேடி எடுத்து வரும் நேரமும் வீண்.

இப்போது உங்கள் அப்பாவுக்கே நடக்கிறது என்று வைத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம். உத்தரத்தின் மூலையில் அடித்துக்கொண்டிருக்கிறார். மட்டை துள்ளி, வலது கண்ணில் ஒரு கெட்டித் துளி விழுகிறது. எரிச்சலில் கை தானாகக் கண்ணுக்குப் போகும். அந்தக் கையிலும் சுண்ணாம்புதான் இருக்கிறது. முதலில் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கசக்க விடாதீர்கள். ஏணியிலிருந்து கைத்தாங்கலாக இறக்கி, எங்கே தண்ணீர் பக்கத்தில் இருக்கிறதோ அங்கேயே தரையில் படுக்கவையுங்கள். தலை வலது பக்கமாகச் சாய்ந்திருக்கட்டும். பாதிக்கப்பட்ட கண் எப்போதும் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுண்ணாம்புத் தண்ணீர் மூக்குத்தண்டைத் தாண்டி நல்ல கண்ணுக்குள் போகும்.

மூக்கை ஒட்டிய கண் முனையில் ஊற்றினால் தண்ணீர் காதுப் பக்கமாக வழியும். சொம்பிலிருந்தோ குவளையிலிருந்தோ, நாலு விரற்கடை உயரத்திலிருந்து, மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். குழாயில் ரப்பர் டியூப் மாட்ட முடிந்தால் இன்னும் நல்லது. மெதுவாகத் திறந்துவிட்டால் போதும். மோட்டார் பைப்பின் வேகத்தில் கண்ணில் அடிக்கக் கூடாது. குடிநீர் இருந்தால் குடிநீர், இல்லாவிட்டால் கிணற்று நீரோ போர் நீரோ, தெளிவாக இருந்தால் சரி. காய்ச்சிய தண்ணீர் வேண்டும், சலைன் பாட்டில் வேண்டும் என்று ஒரு நிமிடம்கூட காத்திருக்கக் கூடாது. கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக் கண்ணை முக்கித் திறந்து மூடச் சொல்வார்கள், அதுவும் போதாது. கொஞ்ச நேரத்தில் கிண்ணத்துத் தண்ணீரே சுண்ணாம்புத் தண்ணீராகிவிடும். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

இங்கேதான் பெரும்பாலான வீடுகளில் முதலுதவி தோற்கிறது: மூடிய கண்ணின் மேல் ஊற்றுகிறார்கள். எரியும்போது இமை தானாக இறுக மூடிக்கொள்ளும். திற என்று சொன்னால் மட்டும் திறக்காது. இதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் ஊற்ற, இன்னொருவர் இமைகளைப் பிரித்துப் பிடிக்க வேண்டும். ஈரத்தில் விரல் வழுக்கும். சிறு துணியையோ டிஷ்யூ பேப்பரையோ விரலில் சுற்றிக்கொண்டு, மேல் இமையைப் புருவ எலும்பின் மேலும், கீழ் இமையைக் கன்ன எலும்பின் மேலும் அழுத்திப் பிடியுங்கள். அழுத்தம் எலும்பின் மேல்தான் விழ வேண்டும், விழியின் மேல் விழக் கூடாது. அப்பாவிடம் மேலே, கீழே, இடப்பக்கம், வலப்பக்கம் என்று மாறி மாறிப் பார்க்கச் சொல்லுங்கள். கண் அசையும்போதுதான் மடிப்புகளுக்குள் தண்ணீர் போகும்.

அரை மணி நேரத்துக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று யோசிப்பீர்கள். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் என்று ஊற்றினால் முப்பது லிட்டர். கடையில் வாங்கும் இருபது லிட்டர் கேன் ஒன்றரை. அதனால் வேலை தொடங்கும் முன்பே ஏணிக்குப் பக்கத்தில் இரண்டு குடம் நல்ல தண்ணீரும் ஒரு சொம்பும் மூடிவைத்துவிடுங்கள். தொழிற்சாலைகளில் கண் கழுவும் குழாய்க்கு அமெரிக்கத் தர அளவு ஒன்று பரவலாகப் பின்பற்றப்படுகிறது: ஆபத்துள்ள இடத்திலிருந்து பத்து நொடியில் போய்ச் சேரும் தூரம், குறைந்தது பதினைந்து நிமிடம் நிற்காத நீர், நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர். அந்தப் பதினைந்து நிமிடம் குறைந்தபட்சம்தான். காரம் என்றால், அதிலும் கட்டியாகத் தங்கும் சுண்ணாம்பு என்றால், நான் அரை மணி நேரத்துக்குக் குறைக்கவே மாட்டேன்.

பத்து நிமிடம் ஊற்றிய பிறகு ஒரு இடைவெளி, சில நொடிகள் மட்டும். கீழ் இமையை விரலால் கீழே இழுத்து உள்ளே பாருங்கள். வெள்ளைக் களிம்போ கட்டியோ தெரிந்தால், தண்ணீரில் நனைத்த பட்ஸால் ஒத்தி எடுங்கள். பிறகு மேல் இமை. அப்பாவைக் காலைப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசி வரை பார்வை கீழேயே இருக்க வேண்டும். இமை முடிகளைப் பிடித்து இமையைக் கீழும் வெளியேயும் மெல்ல இழுத்து, இமை விளிம்புக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் மேலே இன்னொரு பட்ஸின் தண்டைக் குறுக்கே வைத்து, இமையை அதன் மேல் மடித்துத் திருப்புங்கள். உட்பக்கத்துச் சிவப்புத் தோல் வெளியே வரும். அங்கே ஒட்டியிருப்பதையும் ஒத்தி எடுத்துவிட்டு, மேலே பார்க்கச் சொன்னால் இமை தானே பழைய நிலைக்குத் திரும்பும். முதல் தடவை செய்பவருக்கு இது சரியாக வராமல் போகலாம். ஒருமுறை முயன்று வராவிட்டால் விட்டுவிட்டு ஊற்றுவதைத் தொடருங்கள், ஆஸ்பத்திரியில் செய்வார்கள். கருவிழியில் ஒட்டியிருப்பதை மட்டும் பட்ஸால் தொடவே கூடாது. அதைத் தண்ணீர் கொண்டுபோகட்டும், போகாவிட்டால் மருத்துவர் எடுக்கட்டும்.

எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டால் காரம் முறியுமே என்று படித்தவர்களே கேட்கிறார்கள். எவ்வளவு காரம் உள்ளே இருக்கிறது என்று யாராலும் அளந்து விட முடியாது. முறியும்போது சூடு வரும். ஏற்கெனவே வெந்த கருவிழிக்கு அமிலம் இரண்டாவது காயம். தாய்ப்பால், பன்னீர், சர்க்கரைத் தண்ணீர், விளக்கெண்ணெய் இவற்றுக்கும் இங்கே வேலையில்லை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் வேண்டாம்.

காண்டாக்ட் லென்ஸ் போட்டவராக இருந்தால் அதற்காகக் கழுவுவதைத் தாமதிக்காதீர்கள். ஊற்றும்போது தானாக வந்துவிட்டால் நல்லது. வராவிட்டால் சில நிமிடம் கழுவிய பிறகு எடுக்கலாம்.

குழந்தைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாட்டியின் வெற்றிலைப் பையிலிருக்கும் சுண்ணாம்பு பாக்கெட்டை எடுத்து அமுக்கி விளையாடும்போது அது வெடித்து முகத்தில் பீய்ச்சுவது நம் நாட்டுக் கண் மருத்துவமனைகளுக்குப் பழக்கமான விபத்து. இரண்டு கண்ணிலும் சேர்ந்தே படும். பாக்கெட்டிலிருந்து வருவது தெறித்த துளி அல்ல, கெட்டிக் களிம்பு. குழந்தை உதறும். பெரிய துண்டில் கைகளோடு சேர்த்துச் சுற்றி, ஒருவர் மடியில் கிடத்தி, இரண்டு கண்ணுக்கும் மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும். அழட்டும், பரவாயில்லை. அழுகிறதே என்று இரண்டு நிமிடத்தில் நிறுத்துவதுதான் குழந்தைகளின் பார்வைக்குப் பெரிய எதிரி. அந்தப் பாக்கெட்டைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

அரை மணி நேரம் கழிந்ததும் கண் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வலி குறைந்துவிட்டது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கருவிழியின் நரம்பு நுனிகளும் வெந்துபோனால் வலி குறையும். அதேபோல, கண் சிவக்கவில்லையே என்று நிம்மதியடையவும் கூடாது. சிவப்பு என்றால் ரத்த ஓட்டம் இருக்கிறது என்று பொருள். காரம் பட்ட கண்ணில் கருவிழியைச் சுற்றிய விளிம்பு வெளுத்து, பீங்கான் போல் தெரிந்தால், அங்கே ரத்தக் குழாய்கள் கருகிவிட்டன. கருவிழியின் மேல்தோலைப் புதுப்பிக்கும் மூலச் செல்கள் இருப்பது சரியாக அந்த விளிம்பில்தான். அது எவ்வளவு பரப்பில் வெளுத்திருக்கிறது, கருவிழி எவ்வளவு புகை படிந்திருக்கிறது என்ற இரண்டையும் பார்த்துத்தான் மருத்துவர்கள் பாதிப்பைத் தரம் பிரிக்கிறார்கள். விளிம்பு முழுதும் போய்விட்டால், பின்னாளில் கருவிழி மாற்று அறுவை செய்தாலும் அது மட்டும் நிலைக்காது. மூலச் செல்களையும் சேர்த்து மாற்ற வேண்டி வரும். கருவிழி மங்கலாகத் தெரிந்தாலோ, பார்வை மங்கினாலோ, விளிம்பு வெளுத்திருந்தாலோ அரை மணி நேரத்தோடு நிறுத்தாமல், போகும் வழியிலும் பாட்டிலிலிருந்து ஊற்றிக்கொண்டே போங்கள். வண்டி இல்லாவிட்டால் 108-ஐ அழையுங்கள். அது வரும்வரை கழுவுவது நிற்கக் கூடாது.

ஆஸ்பத்திரியில் மறுபடியும் கழுவுவார்கள்; வீட்டில் செய்தது போதவில்லையா என்று வருத்தப்பட வேண்டாம். கீழ் இமைக்குள் சிறு தாளை வைத்து பி.ஹெச் பார்ப்பார்கள். எண் 7-ஐ ஒட்டி வந்ததும் நிறுத்தி, சில நிமிடம் பொறுத்து மறுபடியும் பார்ப்பார்கள். எண் மீண்டும் ஏறினால் எங்கோ சுண்ணாம்பு ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். மரத்துப்போகும் சொட்டு விட்டு, மேல் இமையை இரண்டு மடிப்பாகத் திருப்பி, ஆழத்து மடிப்பையும் துடைத்து எடுப்பார்கள். இந்த இரண்டாவது மடிப்பு வீட்டில் செய்யக்கூடியது அல்ல. நேரம் கழித்துத்தான் நினைவு வந்தது, இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது என்றாலும் வீட்டில் கழுவிவிட்டே போங்கள்; கட்டி உள்ளே இருக்கும்வரை கழுவுவதற்குப் பயன் உண்டு.

இனி உங்கள் பட்டறை. அங்கே முதல் கேள்வி, தூசி எப்படி வந்தது என்பதுதான். காற்றில் பறந்து வந்து விழுந்த சாதாரணத் தூசி என்றால், கசக்காமல் சில முறை இமைக்கச் சொல்லுங்கள். மேல் இமையைப் பிடித்துக் கீழ் இமை முடிகளின் மேல் இழுத்து விட்டால் பல சமயம் தூசி வந்துவிடும். வராவிட்டால் மேலே சொன்னதுபோல் தண்ணீர் ஊற்றலாம், இமையைத் திருப்பியும் பார்க்கலாம். ஒவ்வொரு இமைப்பிலும் சுருக்கென்று கீறுகிறது, கண்ணை மூடி வைத்தால் கொஞ்சம் தேவலை என்றால், தூசி மேல் இமையின் அடியில்தான் இருக்கும். வாயால் ஊதுவது, புடவை முனையைச் சுருட்டிவிடுவது, கிராமங்களில் இன்னும் நடக்கும் நாக்கால் எடுப்பது எல்லாமே காயத்தில் கிருமியைச் சேர்க்கும்.

கிரைண்டரிலிருந்து வரும் பொறி சூடான இரும்பு. அது கருவிழியில் பதிந்துகொள்ளும், கழுவினாலும் போகாது. கருப்புப் புள்ளியாகத் தெரிந்தால், ஊசியாலோ காந்தத்தாலோ எடுக்கும் பட்டறைப் பழக்கத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் ஒரு நாளுக்குள் அதைச் சுற்றித் துரு வளையம் பிடிக்கத் தொடங்கும். அதைத் தனியாகச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். தழும்பு கருவிழியின் நடுவில் விழுந்தால் பார்வை குறையும். அன்றே போய் எடுத்துவிட்டால் சில நாளில் ஆறிவிடும்.

உளியைச் சுத்தியலால் அடிக்கும்போது தெறிக்கும் சிறு இரும்புத் துண்டுதான் இவற்றிலெல்லாம் மோசம். அது குண்டு போல வேகமாக வந்து விழியைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் கண்ணுக்கே தெரியாது, வலியும் குறைவு. ஏதோ பட்டது, ஆனால் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்வார்கள். சில மணி நேரத்தில் பார்வை மங்கும். கண்பாப்பா வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் துளி போல் இழுத்திருக்கும். சூடான நீர் போல் ஏதோ வழிந்தது என்பார்கள். இந்தச் சந்தேகம் வந்தால் கழுவக் கூடாது, இமையைத் திருப்பக் கூடாது, பஞ்சு வைத்து அழுத்திக் கட்டவும் கூடாது. ஒரு காகித டீ கப்பை, விழியைத் தொடாமல், விளிம்பு எலும்பின் மேல் உட்காருமாறு கவிழ்த்து டேப் ஒட்டி, நேராகக் கண் அறுவை செய்யும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வழியில் சாப்பிடக் கொடுக்க வேண்டாம். அன்றே அறுவை தேவைப்படலாம். மருத்துவரிடம் "தூசி விழுந்தது" என்று சொல்லாதீர்கள். "இரும்பை அடிக்கும்போது தெறித்தது" என்று சொல்லுங்கள். எக்ஸ்ரேயோ ஸ்கேனோ எடுத்து உள்ளே தேட வேண்டும் என்று அவருக்குத் தெரிவது அந்த ஒரு வாக்கியத்தால்தான்.

மருத்துவமனையில் மரத்துப்போகும் சொட்டு விட்டதும் வலி மாயமாய்ப் போகும். அந்தச் சொட்டு மருந்தைக் கடையில் வாங்கி வைத்துக்கொண்டு பட்டறையில் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். தொடர்ந்து விட்டால் கருவிழியின் மேல்தோல் ஆறாமல் கரைந்துபோகும். உங்கள் பட்டறை முதலுதவிப் பெட்டியில் அது இருந்தால் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு அரை லிட்டர் சலைன் பாட்டிலும் ஒரு கட்டு பட்ஸும் வையுங்கள். பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி ஒன்று அப்பாவுக்கும் வாங்கிக் கொடுங்கள். பார்வைக்குப் போடும் கண்ணாடி உத்தரத்திலிருந்து விழும் துளியை நிறுத்தாது.